நாமினி பழைய பேரில் இருக்கிறாள்

மூன்றாவது தடவையாக டோக்கன் கிழித்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அக்காவுக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்தது. இரும்பு நாற்காலி. நாலு நாற்காலிகளை ஒரே கம்பியில் கோர்த்திருந்தார்கள். ஓரத்தில் ஒருவர் எழுந்தால் மற்ற மூன்று பேரும் ஒரு குலுங்கு குலுங்கி அடங்க வேண்டும். ஒரு நாற்காலி தள்ளி தம்பி பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த காலி நாற்காலியில் இரண்டு பேருடைய பைகளும் இருந்தன.

தம்பி போய்ச் சேர்ந்து எழுபது நாள். வேலைக்குப் போகிற வழியில், பஸ் வரிசையில் நின்றவன் அப்படியே சரிந்தான். ஐம்பத்தொரு வயது. சாகிற வயசா இது என்று எல்லாரும் கேட்டார்கள். கேட்டவர்கள் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பேப்பர் வேலை மட்டும் இந்த இரண்டு பெண்களின் தலையில் விடிந்தது.

அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் சொச்சம். இந்த ஆபீஸுக்கு வர ஒவ்வொரு தடவையும் அரை நாள் லீவு. போன தடவை லீவு கேட்டபோது தலைமை ஆசிரியர், “இன்னுமா முடியலை?” என்றார். செத்தவனைக் கேட்பது மாதிரி இருந்தது அந்தக் கேள்வி.

தம்பி பெண்டாட்டியோடு அக்காவுக்குப் பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவில் நாலு பேர் நிற்கும்போது இவள் சொன்னாள்: “சரியா பார்த்துக்கிட்டிருந்தா இந்த நிலைமைக்கு வந்திருக்காது.” நாலு வருஷம் அம்மாவைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, ராத்திரியெல்லாம் இருமலுக்கு எழுந்து உட்கார்ந்தவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. தம்பி பக்கத்திலேயே நின்றான். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு தம்பி மட்டும் மத்தியான நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு போன் செய்வான். “என்னக்கா, சாப்பிட்டியா?” என்பான். அதற்கு மேல் அவனுக்கும் பேசத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

எழுபது நாளுக்கு முன்னால் சவத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் பேசவில்லை. பேச வைத்தது இந்த ஃபண்டுதான்.

தம்பி மூன்று இடத்தில் பணம் போட்டு வைத்திருந்தான். பேங்க் டெபாசிட் அவன் பேரிலும் பெண்டாட்டி பேரிலும் சேர்ந்து இருந்தது. இருவரில் யாரோ ஒருவர், அல்லது உயிரோடு இருப்பவர் என்று எழுதியிருந்ததால், இறப்புச் சான்றிதழைக் காட்டியதும் மேனேஜர் அவன் பேரை எடுத்துவிட்டு இவள் பேரை மட்டும் வைத்துக் கொடுத்தார். பங்குக் கணக்கும் இரண்டு பேர் பேரில்தான். அதுவும் ஒரு விண்ணப்பத்தோடு இவள் பேருக்கு வந்துவிட்டது. இரண்டும் சின்னத் தொகை. பெரியது மூன்றாவது. முதல் சம்பளத்திலிருந்து முப்பது வருஷம், மாதம் தவறாமல் அவன் போட்டு வந்த மியூச்சுவல் ஃபண்டு. அது அவன் ஒருத்தன் பேரில் இருந்தது. நாமினி யார் என்று இவள் போய்க் கேட்டபோது, கவுண்டரில் சொன்ன பேரைக் கேட்டு முதலில் இவளுக்கு யாரென்றே விளங்கவில்லை. அக்காவின் கல்யாணத்துக்கு முந்தைய முழுப் பேர் அது.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு போன் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல்.

“அண்ணி, நான்தான். அவர் மறந்துட்டார் போலிருக்கு. சின்ன வயசுல உங்க பேரை எழுதிட்டு மாத்தவே இல்லை. நீங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆகுமாம். பொண்ணுக்குக் காலேஜ் இடம் கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் முடியறதுக்குள்ள பணம் கட்டணும்.”

“வரேன்,” என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டாள்.

வந்தாள். முதல் தடவை, பேர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடையாள அட்டையில் கல்யாணத்துக்குப் பிந்தைய பேர், ஃபாரத்தில் முந்தைய பேர். இரண்டாவது தடவை கல்யாணப் பதிவுச் சான்றிதழைக் கொண்டுபோனாள். பழைய பேரில் அரசாங்கக் காகிதம் ஒன்றும் வேண்டும் என்றார்கள். மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்த பள்ளி இறுதிச் சான்றிதழைத் தேடியெடுக்க அக்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, மாடிப்படி ஏற ஐந்து நிமிஷம் ஆகிறது.

“அவன் தெரிஞ்சுதான் உன் பேரை எழுதியிருப்பான்னு ஏன் நினைக்கக் கூடாது?” என்றார்.

“உயில்ல பொண்டாட்டி பேரையும் பொண்ணு பேரையும் எழுதியிருக்கானே. ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோட.”

“உயிலைக் கம்பெனிக்காரன் பார்க்க மாட்டான். பணம் உன் பேருக்குத்தான் வரும். அப்புறம் அவங்க கோர்ட்டு, வக்கீல்னு அலைஞ்சாத்தான் உண்டு. நான் எடுத்துக்கோன்னு சொல்லலை. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“ஒரு பேச்சுக்குக்கூட வேணாம்,” என்றாள் அக்கா. ஆனால் அந்தப் பேச்சு காதிலேயே நின்றது. பணத்தின் மேல் அவளுக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். முட்டி ஆபரேஷனுக்கு ஆசை இருந்தது. அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. வராந்தாவில் வாயை மூடிக்கொண்டு நின்றவன், பிற்பாடு ஒரு நாளாவது, ‘நீ நல்லாத்தான் பார்த்துக்கிட்டே அக்கா’ என்று சொல்ல நினைத்திருப்பானா? அந்த நினைப்பில்தான் இதை எழுதினானா? அப்படி இருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவே மனசு வராது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்த நடுவயசுக்காரர். நாளெல்லாம் செத்தவர்களின் சொந்தக்காரர்களிடம் என்ன காகிதம் குறைகிறது என்று சொல்லிச் சொல்லிக் குரல் தட்டையாகிவிட்ட மனிதர். கெட்டவர் இல்லை. இரண்டு தடவை திருப்பி அனுப்பியபோதும் அவர் முகத்தில் ஒரு சங்கடம் இருந்தது.

“கொண்டு வந்துட்டீங்களா? அப்பாடா,” என்று காகிதங்களை வரிசையாக அடுக்கினார். இறப்புச் சான்றிதழ், அத்தாட்சிக் கையெழுத்தோடு. அடையாள அட்டை நகல். பேங்க் செக் ஒன்று, ரத்து என்று எழுதி. கல்யாணச் சான்றிதழ். பள்ளிச் சான்றிதழ். “ஒரே ஆள்தான்னு ஒரு உறுதிமொழிப் பத்திரமும் இருக்கு. சரியாப் போச்சு. ஒரிஜினல் ஃபாரத்தோட ஒரு தடவை ஒத்துப் பார்த்துடறேன்.”

“எத்தனை வருஷத்துப் பழசு, கிடைக்குமா?” என்றாள் தம்பி பெண்டாட்டி. “அவர் பிரம்மச்சாரியா இருந்தப்ப எழுதினது.”

கவுண்டர்காரர் கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்தார். “இல்லையேம்மா. அப்ப எழுதினது அம்மா பேரை. அவங்க இறந்தப்புறம் காலியாத்தான் கிடந்திருக்கு. இது போன வருஷம் எழுதினது. எல்லாரும் நாமினி எழுதியே ஆகணும், வேண்டாம்னா வேண்டாம்னாவது எழுதிக் கொடுக்கணும்னு கடுதாசி போட்டோமே, அப்ப. நேர்ல வந்து கொடுத்திருக்கார்.” திரையை இவர்கள் பக்கம் திருப்பினார். “பாருங்க, இவர் கையெழுத்துதானே?”

தம்பியின் கையெழுத்துதான். எழுத்தெல்லாம் வலது பக்கம் சாய்ந்து, காற்று அடித்த பயிர் மாதிரி. நாமினி பேர் என்ற கட்டத்தில் அக்காவின் பழைய பேர். உறவு: அக்கா. பங்கு: நூறு சதவீதம். முகவரி மட்டும் பழையது இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் அக்கா குடிவந்த வீடு, மாடி என்பது உட்பட. பேர் எழுதும்போது மட்டும் அவனுக்குப் பழைய பேர்தான் கைக்கு வந்திருக்கிறது. முப்பது வருஷமாக அவள் வேறு பேரில் வாழ்கிறாள் என்பது அந்த மடையனின் கைக்குத் தெரியவில்லை. அதனால்தான் மூன்று அரை நாள் லீவு.

பக்கத்தில் தம்பி பெண்டாட்டி அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப மறக்கலை,” என்றாள் அவள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எழுபது நாளாக, மறந்துவிட்டார், மறந்துவிட்டார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி, அதையே பிடித்துக்கொண்டு நடமாடியவள். “உயில் எழுதி ஒரு வருஷம் கழிச்சு வந்து இதை எழுதியிருக்கார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. என் மேல நம்பிக்கை இல்லை அவருக்கு.”

கவுண்டர்காரர் இதைப் பல தடவை பார்த்தவர் போலிருந்தது. பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். “நாமினின்னா சொந்தக்காரர்னு அர்த்தம் இல்லைம்மா. எங்ககிட்டேயிருந்து கையில வாங்கிக்கறவர், அவ்வளவுதான். அது யாருக்குச் சேரணும்னு உயில் இருந்தா உயில் சொல்லும், இல்லாட்டி வாரிசுச் சட்டம் சொல்லும். அந்தப் பஞ்சாயத்துக்குள்ள நாங்க வர மாட்டோம். பதிவுல இருக்கற பேருக்கு மாத்திக் கொடுத்துடுவோம்.”

“அண்ணி வேணாம்னு எழுதிக் கொடுத்தா நேரா என் பேருக்கு வருமா?” என்றாள் தம்பி பெண்டாட்டி.

“வரும். ஆனா அப்ப நாமினி இல்லாத கேஸ் ஆயிடும். உயிலைக் கோர்ட்டுல நிரூபிச்சு வாங்கிட்டு வரச் சொல்லுவோம், இல்லை வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுங்களோட சம்மதம், பிணைப் பத்திரம். தொகை பெரிசு. மாசக்கணக்கு ஆகும், வருஷம்கூட ஆகலாம். இவங்க வாங்கி உங்களுக்குக் கொடுக்கறதுதான் சுருக்கு வழி.” ஒரு கணம் நிறுத்தி, “இவங்க கொடுத்தா,” என்றார்.

அந்த இரண்டு வார்த்தை கவுண்டர் மேல் கிடந்தது. இவ்வளவு பேப்பருக்கும் பின்னால் இருந்த விஷயம் அதுதான். இவ்வளவு நாளாக அதை யாரும் வாயால் சொல்லவில்லை. தம்பி பெண்டாட்டி ஒவ்வொரு தடவையும் கூடவே வந்ததும், இறப்புச் சான்றிதழ் ஒரிஜினலைத் தன் பையை விட்டு எடுக்காததும் அதனால்தான். அக்காவுக்கு அது முதல் நாளே தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி மூன்று தடவை பக்கத்துப் பக்கத்தில் குலுங்கியாகிவிட்டது.

அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அலுப்புதான் வந்தது. நாலு வருஷம் அம்மாவோடு, ஒன்பது வருஷம் இந்தக் கோபத்தோடு, எழுபது நாள் இந்தக் காகிதங்களோடு. எல்லாவற்றையும் அவள்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். செத்துப்போனவன் சும்மா போகவில்லை, போகிற போக்கில் அக்காவுக்கு இன்னொரு வேலை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டுமா, அக்கா இருக்கிறாள். என் பணத்தை என் பெண்டாட்டியிடம் சேர்க்க வேண்டுமா, அக்கா இருக்கிறாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை சொன்னானா? மத்தியானம் போன் செய்து ‘சாப்பிட்டியா’ என்று கேட்டான். அவனுக்கு அவ்வளவுதான் வரும்.

ஆனால் வேறு யார் பேரையும் எழுதாமல் இவள் பேரை எழுதினான். கொடுத்துவிடுவாள் என்று தெரிந்துதான் எழுதினான். ஒன்பது வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த பதில் அவ்வளவுதான் போலிருக்கிறது. இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம். மடையன்.

“எங்கே கையெழுத்துப் போடணும்?” என்றாள்.

கவுண்டர்காரர் பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டினார். ஏழு இடம். அக்கா போட்டாள். புதுப் பேரில் நாலு, பழைய பேரில் மூன்று. பழைய கையெழுத்து மறந்துபோய், முதல் தடவை கை தடுமாறியது.

“பத்து நாள்ல யூனிட் எல்லாம் உங்க பேர்ல புதுக் கணக்கா வந்துடும். அப்புறம் நீங்க விக்கலாம், பணம் உங்க பேங்குக்கு வரும். அங்கேயிருந்து இவங்களுக்கு அனுப்பிடலாம்.” கடைசிப் பக்கத்தைப் புரட்டி விரலால் தட்டினார். “இது ஒண்ணு பாக்கி. புதுக் கணக்குக்கு நாமினி. உங்களுக்கு யாரு?”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கா?”

“ஆமாம். இப்ப இது உங்க கணக்கு. பணம் போய்ச் சேர்றதுக்குள்ள நாளைக்கே உங்களுக்கு ஒண்ணுன்னா... தப்பா எடுத்துக்காதீங்க. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். பொதுவா வீட்டுக்காரர் பேரைப் போடுவாங்க.”

வீட்டுக்காரரின் முட்டி ஒரு நிமிஷம் கண் முன்னால் வந்து நின்றது. படியில் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து, நடுவில் நின்று, கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்குகிற மனிதர். நல்லவர்தான். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். ஆனால் தன் கையை விட்டுப்போன பிறகு எந்தப் பேச்சு எப்படி முடியும் என்று யார் கண்டது?

அக்கா பேனாவை எடுத்தாள். பேர் என்ற கட்டத்தில் தம்பி பெண்டாட்டியின் பேரை எழுதப் போனாள். பிழை வந்துவிடக் கூடாது என்று நிறுத்தி, “அட்டையில உன் பேர் எப்படி இருக்கு? காட்டு,” என்றாள். தம்பி பெண்டாட்டி பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். அக்கா அதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினாள். உறவு என்ற கட்டத்தில், தம்பி மனைவி. பங்கு என்ற கட்டத்தில், நூறு.

“அதுலயும் உங்க வாரிசுங்க கேக்கலாம்மா,” என்றார் கவுண்டர்காரர், கடமைக்கு. “இது தம்பியோட உயில்படி இவங்களுக்குச் சேர வேண்டியதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரெண்டு சாட்சியும் வாங்கி வச்சுடுங்க. நல்லது.”

“பேப்பருக்குக் குறைச்சலே இல்லை,” என்றாள் அக்கா. “கொடுங்க, அதையும் எழுதறேன்.”

அவர் தன் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். அக்கா எழுதினாள். கவுண்டர்காரர் எழுந்து, ஆபீஸ்காரர்கள் சாட்சி போடக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரையும், அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் பார்க்கிறபோதே அக்கா கையெழுத்துப் போட்டாள். அவர்கள் என்ன ஏது என்று கேட்காமல் அடியில் போட்டுவிட்டு, டீ ஆறிவிடும் என்று திரும்பிப் போனார்கள்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெராக்ஸ் கடை நிழலில் இரண்டு பேரும் நின்றார்கள். பஸ் வர நேரமிருந்தது. தம்பி பெண்டாட்டி அந்த வெள்ளைத் தாளின் நகலை மடிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

“அண்ணி. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான்...”

“வேணாம்,” என்றாள் அக்கா. “இப்ப சொல்லாதே.”

“இல்லை அண்ணி, நான் சொல்லியே ஆகணும். அத்தையை நீங்க...”

“சொல்லாதேன்னேன் இல்லை?” குரல் கொஞ்சம் உயர்ந்தது. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இப்ப சொன்னா பணத்துக்குச் சொன்ன மாதிரி ஆயிடும். உனக்கும் அப்படித்தான் தோணும், எனக்கும் தோணும். பத்து நாள்ல இது என் பேருக்கு வரும். வித்து உன் கணக்குக்கு அனுப்பிடறேன். பொண்ணுக்கு காலேஜுக்குக் கட்டு. எல்லாம் முடிஞ்சு, என்னால உனக்கு ஆகவேண்டிய காரியம் ஒண்ணுமே இல்லைன்னு ஆகட்டும். அப்பவும் சொல்லணும்னு தோணிச்சுன்னா வீட்டுக்கு வந்து சொல்லு.”

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் அக்கா திரும்பிப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

பதினைந்தாம் நாள் பணம் போய்ச் சேர்ந்தது. இருபதாம் நாள், காலேஜில் பணம் கட்டிய ரசீதைப் படம் பிடித்துத் தம்பி மகள் அனுப்பினாள். ‘தேங்க்ஸ் அத்தை’ என்று அடியில் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. பணம் வாங்கும் வரைக்கும்தான் எல்லாம் என்று வீட்டுக்காரர் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே அக்காவுக்குக் கேட்டது. அவளும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள்.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தாள். தம்பி பெண்டாட்டி பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

“சாப்பிட்டியா?” என்றாள் அக்கா. கேட்ட பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, தம்பி செத்ததற்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள்.